தானியங்கி ரெஸ்யூமே நிராகரிப்பு: மனிதர் பார்க்கும் கட்டத்தை எங்கே வைப்பது, எப்படிச் சோதிப்பது

இரண்டு ரெஸ்யூமேக்கள் ஒரே நிறுவனத்துக்குப் போயின. படிப்பு, அனுபவம், எழுத்து எல்லாம் ஒன்றே. பிறந்த தேதி மட்டும் வேறு. இளையவர் என்று காட்டியதற்கு நேர்காணல் அழைப்பு வந்தது, மற்றதற்கு நிராகரிப்பு. இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஐடியூட்டர்குரூப் மீது அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2022 மே மாதம் தொடுத்த வழக்கு இப்படி ஒரு விண்ணப்பதாரர் செய்துபார்த்த சோதனையிலிருந்து கிளம்பியது. 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60 வயதைத் தொட்ட ஆண்களையும் தானாகத் தள்ளிவிடும்படி மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது என்பதும், அதனால் தகுதியுள்ள 200க்கும் மேற்பட்டோர் கழிக்கப்பட்டார்கள் என்பதும் ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2023இல் 3,65,000 டாலர் தர ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தவறை வெளிக்கொண்டு வந்தவர் வெளியில் இருந்த ஒரு விண்ணப்பதாரர். தள்ளப்பட்ட குவியலை உள்ளே இருந்த யாராவது ஒரு மணி நேரம் புரட்டியிருந்தால், ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேல் எவருமே தேறவில்லை என்பது தெரிந்திருக்கும். ஆட்சேர்ப்பில் எல்லோருடைய கண்ணும் தேறியவர்களின் பட்டியலில்தான் இருக்கிறது. நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலை யாரும் திறப்பதில்லை. இந்த வழிகாட்டி அந்தப் பட்டியலைப் பற்றியது: அதை எப்படி அளப்பது, அதில் எந்தப் பகுதியை மனிதர் படித்தே ஆக வேண்டும், அந்தப் படிப்பு உண்மையாக நடக்கிறதா, வெறும் கையெழுத்தாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது.

முதலில், சட்டம் எதைக் கேட்கிறது

ஐடியூட்டர்குரூப் வழக்கில் சொல்லப்பட்டது நேரடிப் பாகுபாடு. வயதே விதியாக எழுதப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. நடைமுறையில் அடிக்கடி நிகழ்வது இன்னொரு வகை. விதியில் வயதும் இருக்காது, பாலினமும் இருக்காது. ஆனால் விளைவு ஒரு பிரிவினர் மீது மட்டும் கனமாக விழும். இதை மறைமுகப் பாகுபாடு என்கிறோம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் இதை நிலைநாட்டியது: நோக்கம் நல்லதாக இருந்தாலும், வேலைக்குத் தேவை என்று காட்ட முடியாத நிபந்தனை ஒரு பிரிவினரை அதிகமாக வெளியே தள்ளினால் அது சட்டவிரோதம். 2025 ஏப்ரலில் வந்த அதிபர் ஆணை ஒன்று, கூட்டாட்சி அமைப்புகள் இந்தக் கோட்பாட்டின்படி நடவடிக்கை எடுப்பதைக் குறைக்கச் சொன்னது. சட்டம் அதனால் நீங்கிவிடவில்லை. தனிநபர்கள் வழக்குத் தொடுக்கலாம், மாநிலச் சட்டங்களும் அப்படியே இருக்கின்றன.

மென்பொருளை விற்றவர் பொறுப்பா, வாங்கியவர் பொறுப்பா என்ற கேள்வி அடுத்து வருகிறது. ஆட்சேர்ப்பு மென்பொருள் தரும் ஒர்க்டே நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியாவில் 2023இல் தொடுக்கப்பட்ட வழக்கில், விற்பனை நிறுவனத்தையே வேலையளிப்பவரின் முகவராகக் கருதி வழக்கைத் தொடரலாம் என்று நீதிமன்றம் 2024 ஜூலையில் அனுமதித்தது. வழக்கு இன்னும் தீர்ப்பு கண்டதல்ல. ஆனாலும் விற்றவரும் மாட்டலாம் என்பதால் வாங்கியவர் தப்பித்துவிட்டார் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இருவருமே நிற்க வேண்டிவரும். அந்த வழக்கின் மனுவில் ஒரு விவரம் இருக்கிறது: நள்ளிரவு தாண்டி அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள், இரவு 1.50க்கு நிராகரிப்பு வந்தது. அந்த நேரத்தில் எந்த மனிதர் படித்திருப்பார்? உங்கள் மென்பொருள் அனுப்பும் மின்னஞ்சலின் நேரமுத்திரையே எதிர்த்தரப்பின் சாட்சியாகிவிடும்.

ஐரோப்பாவில் இது இன்னும் நேரடியான கேள்வி. பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22ஆம் பிரிவு, ஒருவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை முழுக்கத் தானியங்கியாக மட்டும் எடுப்பதற்கு எதிரானது. மனிதத் தலையீடே இல்லாத இணையவழி ஆட்சேர்ப்பை அதன் முகவுரை ஓர் எடுத்துக்காட்டாகவே சொல்கிறது. ஒப்புதல் போன்ற விதிவிலக்குகள் பொருந்தும் இடத்திலும், மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று கேட்கவும் முடிவை எதிர்த்துப் பேசவும் விண்ணப்பதாரருக்கு உரிமை இருக்கிறது.

"எங்களிடம் இறுதியில் ஒரு மனிதர் பட்டனை அழுத்துகிறார், ஆகவே இது தானியங்கி அல்ல" என்று பல நிறுவனங்கள் இதற்குப் பதில் சொல்லும். 2023 டிசம்பர் 7 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஷூஃபா வழக்கில் கொடுத்த தீர்ப்பு அந்தப் பதிலைப் பலவீனமாக்கிவிட்டது. அது கடன் மதிப்பெண் பற்றிய வழக்கு. முடிவெடுப்பவர் அந்த மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து நடந்தால், மதிப்பெண் கணிப்பதே தானியங்கி முடிவுதான் என்றது நீதிமன்றம். ரெஸ்யூமே மதிப்பெண்ணுக்கும் இதே வாதத்தை வைக்க எந்தத் தடையும் இல்லை. ஆகவே மனிதர் இருக்கிறார் என்று காட்டினால் போதாது. அவர் மாற்றி முடிவெடுக்கக்கூடியவராகவும், எடுப்பவராகவும் இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சாதிப்பதற்குத்தான்.

படி 1: எங்கெங்கே நிராகரிப்பு நிகழ்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள்

"எங்கள் மென்பொருள் யாரையும் நிராகரிப்பதில்லை, வரிசைப்படுத்த மட்டுமே செய்கிறது" என்று மனிதவளப் பிரிவில் சொல்வார்கள். முதல் 50 பேரை மட்டும் படித்துவிட்டு மீதியை மூடிவிடுகிறார்கள் என்றால், 51ஆவது இடம்தான் நிராகரிப்புக் கோடு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

ஒரு தாளில் விண்ணப்பத்தின் பாதையை வரையுங்கள். பொதுவாக நான்கு இடங்களில் ஆட்கள் உதிர்வார்கள். கோப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது, "உரிமம் உண்டா, ஆம்/இல்லை" போன்ற வடிகட்டும் கேள்விகளில், அனுபவ ஆண்டு, இடைவெளி முதலிய விதிகளில், கடைசியாக மதிப்பெண்ணின் வெட்டுக்கோட்டில். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற எண்ணிக்கையை மென்பொருளிலிருந்து எடுங்கள். அது கிடைக்கவில்லை, மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வருகிறது என்றால் அங்கேயே நிறுத்தி, விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்த விதியால் யார் போனார் என்று தெரியாத மென்பொருளைக் கொண்டு யாரையும் நிராகரிக்கக் கூடாது.

இந்த நான்கில் முதலாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரெஸ்யூமே இரண்டு பத்தியாகப் பிரித்து வடிவமைக்கப்பட்டிருந்தால், இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் மென்பொருள் ஒரே வரியாகச் சேர்த்துப் படித்துவிடலாம். தலைப்புப் பட்டையில் எழுதிய தொலைபேசி எண் காணாமல் போகலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் எழுத்தே இருக்காது, படம்தான் இருக்கும். "2019 முதல் இன்றுவரை" என்பதில் முடிவுத் தேதியைப் புரிந்துகொள்ளாமல், அனுபவம் பூஜ்யம் என்று பதிந்துவிடுவதும் உண்டு. சந்தேகமான ஒரு கோப்பை எடுத்து, பிடிஎஃபிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்துக் காட்டும் இந்தக் கட்டளையைக் கணினியின் கட்டளைச் சாளரத்தில் கொடுத்துப் பாருங்கள்:

```
pdftotext resume.pdf - | head -40
```

எழுத்து எதுவும் வராவிட்டால் அது படக்கோப்பு. வரிகள் கலந்து வந்தால் உங்கள் மென்பொருளும் அப்படித்தான் படித்திருக்கக்கூடும். எழுத்தைப் பிரித்தெடுக்க முடியாத கோப்புகள் தாழ்ந்த மதிப்பெண்ணோடு வரிசையின் அடியில் போய்ச் சேரக் கூடாது. அவற்றுக்கென்று தனி வரிசை வைத்து, மனிதர் கைக்கு நேரே அனுப்புங்கள். இந்தக் கட்டத்தில் தவறு விண்ணப்பதாரருடையது அல்ல.

படி 2: தேர்வு விகிதத்தைக் கணக்கிடுங்கள்

இதற்கு ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. கணக்காளர் பணிக்கு 1,000 பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். 600 ஆண்கள், 400 பெண்கள். மென்பொருளில் மூன்று விதிகள்: குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம், ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி கூடாது, சொற்பொருத்த மதிப்பெண் 60க்குக் குறையக் கூடாது. தேறியவர்கள் 240 ஆண்கள், 100 பெண்கள்.

```
240 / 600 = 0.40
100 / 400 = 0.25
0.25 / 0.40 = 0.625
```

முதல் இரண்டு வரிகள் ஆண்களின், பெண்களின் தேர்வு விகிதங்கள். கடைசி வரியில் வருவதுதான் தாக்க விகிதம். குறைந்த தேர்வு விகிதத்தை அதிகத் தேர்வு விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது. அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு ஆட்தேர்வு வழிகாட்டு நெறிகளின்படி, இது ஐந்தில் நான்கு பங்குக்கு, அதாவது 0.8க்குக் கீழே போனால் பொதுவாகப் பாதகமான தாக்கத்துக்கான அடையாளம். இங்கே 0.625. நியூயார்க் நகரத்தின் 2021ஆம் ஆண்டு 144ஆம் எண் சட்டம், தானியங்கித் தேர்வுக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவரைக் கொண்டு கணக்கிட்டு, சுருக்கத்தைப் பொதுவில் வெளியிடச் சொல்வதும் இதே விகிதத்தைத்தான். அந்தச் சட்டம் 2023 ஜூலை 5 முதல் செயல்படுத்தப்படுகிறது.

0.8 என்பது எச்சரிக்கை மணி, நற்சான்றிதழ் அல்ல. விண்ணப்பித்தவர்கள் மொத்தமே 20 பேர் என்றால், ஒரே ஒருவர் அங்கேயிருந்து இங்கே மாறினால் விகிதம் தலைகீழாகிவிடும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும்போது 0.85 கூடத் தற்செயலாக இருக்க வாய்ப்பில்லாத வேறுபாடாக இருக்கலாம். அதனால் விகிதத்தோடு சேர்த்து, வேறுபாடு திட்டப்பிழையைப் போல எத்தனை மடங்கு என்றும் பாருங்கள். தற்செயலாகவே எதிர்பார்க்கக்கூடிய ஏற்ற இறக்கத்தின் அளவுதான் திட்டப்பிழை. நமது கணக்கில் வேறுபாடு 15 விழுக்காட்டுப் புள்ளி, திட்டப்பிழை சுமார் 3.06 புள்ளி. வகுத்தால் 4.9. இரண்டு அல்லது மூன்றைத் தாண்டினாலே தற்செயல் என்று சொல்வது கடினம்.

பாலினமோ வயதோ தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. "அந்த விவரங்களை நாங்கள் கேட்பதே இல்லை, ஆகவே நாங்கள் நடுநிலையானவர்கள்" என்ற வாதம் இங்கே உடைகிறது. கேட்காதவருக்குத் தன் வடிகட்டி என்ன செய்கிறது என்று தெரியாது, அவ்வளவுதான். சரியான வழி, விருப்பம் இருந்தால் மட்டும் நிரப்பும் தனிப்படிவத்தில் கேட்டு, முடிவெடுப்பவர்களும் மென்பொருளும் தொட முடியாத இடத்தில் வைத்து, மொத்தக் கணக்குக்கு மட்டும் பயன்படுத்துவது. பெயரை வைத்துப் பாலினத்தையோ இனத்தையோ ஊகித்துக் கணக்குப் போடுவதைத் தவிருங்கள். ஊகம் தவறும், ஐரோப்பிய விதிகளின் கீழ் அது தனிச்சிக்கலும் ஆகும்.

படி 3: எந்த விதி காரணம் என்று பிரித்தெடுங்கள்

மொத்த விகிதம் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்ததும் பலர் மென்பொருளையே மாற்றிவிட ஓடுவார்கள். அதற்கு முன், அதே 1,000 ரெஸ்யூமேக்களையும் ஒவ்வொரு விதியாக நீக்கி மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

அனுபவ விதியை நீக்கினால் 270 ஆண்களும் 114 பெண்களும் தேறுகிறார்கள். விகிதம் 0.63, பெரிதாக மாறவில்லை. மதிப்பெண் விதியை நீக்கினால் 300, 128. விகிதம் 0.64, அதுவும் இல்லை. இடைவெளி விதியை நீக்கினால் 252 ஆண்களும் 152 பெண்களும் தேறுகிறார்கள். விகிதம் 0.90. காரணம் கையில் அகப்பட்டுவிட்டது. இடைவெளி விதியால் மட்டுமே, வேறு எந்தக் குறையும் இல்லாமல், 12 ஆண்களும் 52 பெண்களும் வெளியே போயிருக்கிறார்கள்.

எழுதிய விதி என்றால் இப்படி நீக்கிப் பார்க்கலாம். பழைய ரெஸ்யூமேக்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி மாதிரி என்றால் விதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அமேசான் உள்ளுக்குள் உருவாக்கிச் சோதித்த ஒரு கருவியைப் பற்றி 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி இதற்கு நல்ல பாடம். பத்தாண்டுகளில் வந்த ரெஸ்யூமேக்களைக் கொண்டு பயிற்றுவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. "பெண்கள் சதுரங்க மன்றத் தலைவர்" என்பது போல "பெண்கள்" என்ற சொல் வந்த ரெஸ்யூமேக்களுக்கும், மகளிர் மட்டும் படிக்கும் இரண்டு கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் அது மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்தச் சொற்களைத் திருத்தினார்கள். ஆனால் வேறு வழியில் அது மீண்டும் பாகுபாடு காட்டாது என்று உறுதிசொல்ல முடியாததால் திட்டத்தையே கைவிட்டார்கள். பாலினம் என்ற கட்டத்தை அழித்தாலும், பாலினத்தைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் ரெஸ்யூமே முழுக்க இருக்கின்றன. பட்டம் பெற்ற ஆண்டு வயதைக் காட்டிக்கொடுக்கும். அஞ்சல் குறியீடு இனத்தையும் வருமானத்தையும் காட்டிக்கொடுக்கும். இல்லினாய் மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தம், அஞ்சல் குறியீட்டை இப்படி மாற்று அடையாளமாகப் பயன்படுத்துவதைப் பெயர்சொல்லியே தடுக்கிறது.

இப்படிப்பட்ட மாதிரிகளுக்கு இரட்டைச் சோதனைதான் வழி, கட்டுரையின் தொடக்கத்தில் அந்த விண்ணப்பதாரர் செய்ததேதான். தேறிய ரெஸ்யூமேக்களில் 30 எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் செய்யுங்கள். நகலில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: பட்டம் பெற்ற ஆண்டைப் பதினைந்து ஆண்டு முந்தையதாக்குங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள், அல்லது எட்டு மாத இடைவெளி ஒன்றைச் சேருங்கள். மூன்றையும் ஒரே நகலில் செய்துவிடாதீர்கள். எது காரணம் என்று தெரியாமல் போகும். 30 இணைகளில் வெட்டுக்கோட்டைத் தாண்டி விழுந்தவை எத்தனை, எல்லாம் ஒரே திசையிலா விழுந்தன என்று பாருங்கள்.

படி 4: மனிதரை எங்கே நிறுத்துவது

நிராகரிக்கப்பட்ட 660 பேரையும் ஒருவர் நிதானமாகப் படிக்க வேண்டும் என்றால், ஆளுக்கு நான்கு நிமிடம் வைத்தாலும் 44 மணி நேரம். அப்படி ஒரு விதி போட்டால் இரண்டாவது நாளே படிக்காமல் பட்டனை அழுத்தத் தொடங்கிவிடுவார்கள். படிக்க முடிகிற அளவுக்குக் குறைத்து, சரியான இடத்தில் வைப்பதுதான் இந்த வேலையின் நுட்பம்.

இரண்டு குவியல் எடுங்கள். முதலாவது, ஒரே ஒரு விதியால், அதுவும் தாக்க விகிதத்தைக் கெடுத்த விதியால் மட்டும் போனவர்கள். நமது கணக்கில் 64 பேர். இவர்கள் அனைவரையும் படித்தே ஆக வேண்டும். இரண்டாவது, மீதமுள்ள 596 பேரிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த 60 பேர். மொத்தம் 124 ரெஸ்யூமே, எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு பேர் பகிர்ந்தால் அரை நாள் வேலை.

இரண்டாவது குவியல் எதற்கு என்றால், நமக்குத் தெரியாத தவறைக் கண்டுபிடிக்க. 60இல் ஆறு பேர் உண்மையில் தகுதியானவர்கள் என்று தெரிந்தால், பத்து விழுக்காடு. மீதக் குவியலில் ஏறத்தாழ 60 பேர் தவறாகப் போயிருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும், முழுக் குவியலையும் திறக்க வேண்டும். 60இல் ஒருவர்கூட இல்லை என்றாலும் தவறே இல்லை என்று ஆகிவிடாது. மூன்றைக் குலுக்கலில் எடுத்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் தோராயமான மேல்வரம்பு: 3/60, அதாவது ஐந்து விழுக்காடு. 596இல் 30 பேர் வரை அப்போதும் தவறாகப் போயிருக்க இடமுண்டு. "சோதித்தோம், ஒன்றுமில்லை" என்று அறிக்கை எழுதும்போது இந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்தப் படிப்பு முடியும்வரை நிராகரிப்பு மின்னஞ்சல் போகக் கூடாது. பல மென்பொருள்களில் தானாக அனுப்பும் வசதி தொடக்கத்திலேயே இயக்கத்தில் இருக்கலாம். அதை அணைத்துவிட்டு, மனிதர் முடிவு பதிந்த பிறகு மட்டுமே அனுப்பும்படி மாற்றுங்கள். அனுப்பிய பிறகு படிப்பது பிரேதப் பரிசோதனைதான்.

படி 5: படிப்பவர் உண்மையாகப் படிக்கும்படி செய்யுங்கள்

இங்கேதான் பெரும்பாலான ஏற்பாடுகள் தோற்கின்றன. திரையின் மேல்மூலையில் சிவப்பு நிறத்தில் "41/100, பரிந்துரை: நிராகரி" என்று போட்டுவிட்டு, கீழே ரெஸ்யூமேயைக் காட்டினால், படிப்பவர் ரெஸ்யூமேயில் தகுதியைத் தேடமாட்டார், 41க்கான காரணத்தைத் தேடுவார், கண்டும் பிடிப்பார். இயந்திரம் சொன்னதை நம்பிவிடும் இந்தச் சாய்வை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 14ஆம் பிரிவில் பெயரிட்டே குறிப்பிடுகிறது. மேற்பார்வை செய்பவர் அதை உணர்ந்திருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின்படி, ஆட்சேர்ப்பில் விண்ணப்பங்களை வடிகட்டும் கருவிகள் அதிக ஆபத்து வகையைச் சேர்ந்தவை.

ஆகவே மதிப்பெண்ணையும் நிராகரிப்புக் காரணத்தையும் முதலில் மறையுங்கள். பெயர், படம், பிறந்த தேதி, பட்டம் பெற்ற ஆண்டு ஆகியவற்றையும் மறையுங்கள், ஏனென்றால் மனிதர் தூய்மையானவர் அல்லர். பாஸ்டனிலும் சிகாகோவிலும் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 5,000 ரெஸ்யூமேக்கள் அனுப்பப்பட்டன. வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்குக் கறுப்பர் பெயர் இருந்தவற்றைவிட ஐம்பது விழுக்காடு அதிக அழைப்பு வந்தது. அதைச் செய்தது மென்பொருள் அல்ல. மனிதரைச் சேர்த்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நம்பி, அவரை எந்தக் கட்டமைப்பும் இல்லாமல் உட்காரவைத்தால், ஒரு பாகுபாட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்ததாகிவிடும்.

படிப்பவர் கையில் அந்த வேலைக்கு உண்மையில் வேண்டிய நான்கைந்து தகுதிகளின் பட்டியல் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை, தெரியவில்லை என்று குறித்து, முடிவையும் ஒரு வாக்கியத்தில் காரணத்தையும் எழுதட்டும். "பொருத்தமில்லை" என்பது காரணம் ஆகாது. "மாதாந்திர வரித்தாக்கல் செய்த அனுபவம் ரெஸ்யூமேயில் இல்லை, அது இந்த வேலையின் பாதி" என்பது காரணம். முடிவைப் பதிந்து பூட்டிய பிறகு மதிப்பெண் தெரியட்டும். மென்பொருளின் முடிவும் அவர் முடிவும் மாறுபட்டால் மனிதர் முடிவே நிற்க வேண்டும். மேலாளரிடம் போய் அனுமதி வாங்க வேண்டும், விளக்கக் குறிப்பு எழுத வேண்டும் என்று வைத்தால், மாற்றுவதற்குத்தான் உழைப்பு, ஒத்துப்போவதற்கு ஒரு சொடுக்கு என்றாகிவிடும். மணிக்கு எத்தனை முடித்தார் என்று அவரை அளக்கவும் கூடாது.

அவர் படிக்கிறாரா என்று கண்டுபிடிக்க மூன்று அறிகுறிகள் உண்டு. ஒரு ரெஸ்யூமேக்குச் செலவான நேரம் பதினைந்து வினாடிக்குக் கீழே இருந்தால், யாரும் படிக்கவில்லை. நூற்றுக்கணக்கான முடிவுகளில் ஒன்றுகூட மென்பொருளுக்கு எதிராக இல்லை என்றால், சந்தேகிக்க வேண்டியது மென்பொருளின் துல்லியத்தை அல்ல, படிப்பவரின் சுதந்திரத்தை. மூன்றாவதுதான் உறுதியானது: தகுதி ஐயத்துக்கு இடமில்லாத ஐந்து ரெஸ்யூமேக்களைச் சொல்லாமல் நிராகரிப்புக் குவியலில் கலந்துவிடுங்கள். இப்படி நடக்கும் என்று பொதுவாக முன்பே சொல்லிவைத்துவிடுவது நல்லது. எது, எப்போது என்று சொல்ல வேண்டாம். ஐந்தில் குறைந்தது நான்கு மீட்கப்படாவிட்டால் அந்தக் கட்டம் பெயரளவுக்குத்தான் இருக்கிறது.

நமது கணக்கில் 64 பேரையும் இப்படிப் படித்ததில் 46 பேர் தேறினார்கள் என்று வையுங்கள். 38 பெண்கள், 8 ஆண்கள். இப்போது ஆண்கள் 248, பெண்கள் 138. விகிதம் 0.83. மணி அடிப்பது நின்றது. ஆனால் 64இல் 46 பேரை மனிதர் மீட்க வேண்டியிருந்தது என்றால், அந்த விதி தகுதியை அளக்கவே இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் மனிதரைக் கொண்டு துடைத்துக்கொண்டிருக்காமல் குழாயை மூட வேண்டும். இடைவெளி விதியை எழுதியவருக்கு உண்மையில் என்ன கவலை? கணக்காளர் அண்மைக்கால வரிச்சட்ட மாற்றங்களை அறியாமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான். அப்படியானால் அதையே கேளுங்கள்: கடந்த ஆண்டின் மாற்றங்களைக் கற்றது எப்படி என்று ஒரு கேள்வி. பிள்ளை பெற்றவருக்கும், நோயிலிருந்து மீண்டவருக்கும், பெற்றோரைப் பார்த்துக்கொண்டவருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில்சொல்ல வாய்ப்பு இருக்கிறது. இடைவெளி விதி அந்த வாய்ப்பையே தரவில்லை. அமெரிக்கச் சட்டத்திலும் இது முக்கியம்: அதே தேவையை நிறைவேற்றும், பாகுபாடு குறைந்த மாற்றுவழி இருந்தும் நிறுவனம் அதை ஏற்க மறுத்தது என்று எதிர்த்தரப்பு காட்டினால், வேலைக்குத் தேவை என்ற வாதம் காப்பாற்றாது.

படி 6: விண்ணப்பதாரருக்குச் சொல்வதும், பதிவாக வைப்பதும்

விண்ணப்பப் பக்கத்திலேயே, மென்பொருள் எந்தக் கட்டத்தில் என்ன செய்கிறது என்று இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். நியூயார்க் நகரச் சட்டம் கருவியைப் பயன்படுத்துவதற்குக் குறைந்தது பத்து வேலை நாள் முன்னதாக அறிவிக்கச் சொல்கிறது. மாற்று முறையோ வசதியோ கேட்பது எப்படி என்றும் அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு இது வெறும் சம்பிரதாயம் அல்ல. நிராகரிப்புக் கடிதத்தில், மறுபரிசீலனை கேட்க ஒரு முகவரியும் காலக்கெடுவும் கொடுங்கள். மறுபரிசீலனை முதலில் படித்தவரிடமே போகக் கூடாது.

பதிவில் இருக்க வேண்டியவை: விண்ணப்பதாரர் அனுப்பிய மூலக்கோப்பு, மென்பொருள் அதிலிருந்து பிரித்தெடுத்த எழுத்து, அன்று நடைமுறையில் இருந்த விதிகளின் பதிப்பு, மதிப்பெண், படித்தவர், அவர் எழுதிய காரணம், செலவான நேரம், முடிவு. விதிகளின் பதிப்பைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். வெட்டுக்கோட்டை 60இலிருந்து 65க்கு யாரோ மாற்றியிருப்பார்கள், எப்போது என்று தெரியாது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி தனியார் நிறுவனங்கள் விண்ணப்ப ஆவணங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2025 அக்டோபர் 1 முதல் தானியங்கி முடிவுகளின் தரவுக்கு அது நான்கு ஆண்டு. அதே சமயம் ஐரோப்பாவில் தேவைக்கு மேல் வைத்திருப்பதும் தவறு; எந்த ஊர்ச் சட்டம் பொருந்துகிறது என்று பார்த்து அழிக்கும் தேதியையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

விற்பனையாளரோடு போடும் ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: ஒவ்வொரு விதியும் தள்ளியவர்களின் எண்ணிக்கையைத் தர வேண்டும், மாதிரியை மாற்றும் முன் அறிவிக்க வேண்டும், இரட்டைச் சோதனை நடத்த உங்களை அனுமதிக்க வேண்டும். மாதிரி மாறினாலும், வேலையின் தகுதிகள் மாறினாலும், விண்ணப்பிப்போர் கூட்டம் மாறினாலும் படி 2இலிருந்து மீண்டும் தொடங்குங்கள். எதுவும் மாறாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.